ஸ்குவாட்டில் அடிமட்டம் தொடும்போது இடுப்பு உள்ளே சுருளுதா? காரணம் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லாமல் இருக்கலாம்!

ஜிம்மில் நண்பர் ஸ்குவாட் செய்கிறார். நீங்கள் பக்கவாட்டில் நின்று மொபைலில் வீடியோ எடுக்கிறீர்கள். பாதி தூரம் வரை முதுகு பலகை மாதிரி நேராக இருக்கிறது. தொடை தரைக்கு இணையாக வரும் நேரத்தில், பின்பக்கம் சட்டென்று உள்ளே சுருண்டு, கீழ்முதுகு லேசாகக் கூன் போடுகிறது. மேலே எழுந்ததும் எல்லாம் பழையபடி நேராகிவிடுகிறது.

ஜிம் வட்டாரத்தில் இதற்கு ‘பட் விங்க்’ என்று பெயர். பின்பக்கம் கண் சிமிட்டுகிற மாதிரி இருப்பதால் வந்த பெயர். வீடியோவைப் பார்த்ததும் பெரும்பாலான மாஸ்டர்கள் சொல்வது ஒன்றுதான்: “ஹாம்ஸ்ட்ரிங் டைட்டா இருக்கு தம்பி, நல்லா ஸ்ட்ரெட்ச் பண்ணு.”

என் நண்பர் ஒருவருக்கும் இதையேதான் சொன்னார்கள். வயது 27, ஐடி வேலை, 70 கிலோ வைத்து ஸ்குவாட் செய்பவர். ஆறு வாரம் தினமும் குனிந்து கால் விரலைத் தொட்டுப் பழகினார். இப்போது உள்ளங்கையே தரையில் படுகிறது. ஆனால், ஸ்குவாட்டில் இடுப்பு சுருள்வது மட்டும் அப்படியே இருந்தது. மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்வதும் நிற்கவில்லை.

அப்போ, ஹாம்ஸ்ட்ரிங் இல்லையென்றால் வேறு எது இடுப்பைப் பிடித்து இழுக்கிறது?

ஹாம்ஸ்ட்ரிங் ஏன் குற்றவாளி இல்லை?

தொடையின் பின்பக்கம் ஓடும் தசைகள்தான் ஹாம்ஸ்ட்ரிங். இவை மேலே இடுப்பெலும்பின் அடியில், நாம் உட்காரும்போது தரையில் படுகிற அந்த எலும்பு முண்டில் தொடங்குகின்றன. கீழே முழங்காலைத் தாண்டிப் போய் முடிகின்றன. அதாவது, பெரும்பகுதி ஹாம்ஸ்ட்ரிங் இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது.

முழங்காலை மடக்காமல் குனிந்தால், இந்தத் தசை மேல்முனையில் இழுபடுகிறது. கீழ்முனை அசையாது. அதனால்தான் தொடையின் பின்னால் ‘சுர்’ரென்று இழுக்கிறது. ஸ்குவாட்டில் நடப்பது வேறு. இடுப்பு மடங்கும்போது மேல்முனை இழுபடுகிறது. அதே நேரத்தில் முழங்காலும் மடங்குவதால் கீழ்முனை தளர்ந்துவிடுகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் தசையின் மொத்த நீளம் பெரிதாக மாறுவதில்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மல்லாந்து படுத்து, ஒரு காலை முழங்காலை மடக்கி நெஞ்சை நோக்கி இழுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு இழுக்காது. ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் தொடை வராது. அதற்கு மேல் இழுத்தால் இடுப்பே தரையிலிருந்து தூக்கிக்கொண்டு சுருளும். நீங்கள் ஸ்குவாட்டின் அடிமட்டத்தில் பார்ப்பதும் இதே சுருளல்தான். இரண்டு இடத்திலும் ஹாம்ஸ்ட்ரிங் தளர்வாகத்தான் இருக்கிறது.

நடப்பது என்ன? ஒரு கூட்டல் கணக்கு

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் பந்தும். இடுப்பெலும்பில் இருப்பது கிண்ணம். தொடை எலும்பின் தலைப்பகுதி பந்து. தொடையை மேலே தூக்கத் தூக்க, பந்துக்குக் கீழே இருக்கிற எலும்பின் கழுத்துப் பகுதி கிண்ணத்தின் விளிம்பை நெருங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் எலும்போ, நடுவில் சிக்கும் சதையோ தடுத்துவிடும். மூட்டில் இடம் காலி. அதற்கு மேலும் நீங்கள் கீழே இறங்கினால், தொடையோடு சேர்ந்து இடுப்பெலும்பும் திரும்பியாக வேண்டும். அது திரும்பினால், அதன் மேலே உட்கார்ந்திருக்கும் கீழ்முதுகும் வளையும். பட் விங்க் என்பது இவ்வளவுதான்.

அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி இது: ஸ்குவாட்டில் இடுப்பு மூட்டிடம் எத்தனை டிகிரி கேட்கிறோம், அதனிடம் எத்தனை டிகிரி இருக்கிறது?

இருப்பது எவ்வளவு என்று பார்த்தால், பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் 120 டிகிரி. ஆளுக்கு ஆள் இது மாறும். கேட்பது எவ்வளவு என்பதை மூன்று எண்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொடை சுழன்ற அளவு. நிற்கும்போது தொடை செங்குத்தாக இருக்கிறது. தரைக்கு இணையாக வந்தால் 90 டிகிரி. அதற்கும் கீழே போனால் 100, 110 என்று கூடும்.

இரண்டாவது, உடல் முன்னால் சாய்ந்த அளவு. முதுகின் வடிவம் மாறாமல் உடல் 35 டிகிரி முன்னால் சாய்ந்தால், இடுப்பெலும்பும் அதே 35 டிகிரி தொடையை நோக்கிச் சாய்கிறது. அதையும் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, ஆரம்பத்திலேயே முதுகைப் பின்னால் வளைத்து வைத்த அளவு. “நெஞ்சை நிமித்து, பின்னாடி தள்ளு” என்று சொன்னதும் பலர் கீழ்முதுகை வில் மாதிரி உள்வளைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால், கீழே இறங்குவதற்கு முன்பே இடுப்பெலும்பு 10 டிகிரி முன்னால் கவிழ்ந்துவிடுகிறது. மூட்டில் இருந்த இடத்தில் 10 டிகிரியை நின்ற இடத்திலேயே செலவழித்தாயிற்று.

நண்பரின் வீடியோவில், தொடை தரைக்கு இணையாக வந்த நொடியில் நிறுத்தி, திரையில் கோடு போட்டு அளந்தோம். இது துல்லியமான ஆய்வகக் கணக்கு இல்லை, தோராயம்தான். தொடை 90, உடல் சாய்வு 35, ஆரம்ப வளைவு 10. மொத்தம் 135. மல்லாந்து படுத்து முழங்காலை இழுத்துப் பார்த்ததில், அவருக்கு இடுப்பு சுருளத் தொடங்குவது 120-ஐ ஒட்டி. பற்றாக்குறை 15 டிகிரி. அந்த 15 டிகிரியைத்தான் கீழ்முதுகு தன் கையிலிருந்து போட்டு ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கு வந்ததும் அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது. 120-ஐ அதிகமாக்க முடியுமா, இல்லை 135-ஐக் குறைக்க வேண்டுமா?

கணுக்கால்: யாரும் சந்தேகப்படாத இடம்

135-ஐக் குறைப்பதுதான் எளிது. அதில் தொடைக்கு அடுத்த பெரிய எண் உடல் சாய்வு. ஆனால், சாய்வு நம் விருப்பப்படி வருவதில்லை.

ஸ்குவாட்டில் உடலும் எடையும் சேர்ந்த பாரம், பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முன்னாலோ பின்னாலோ விழுந்துவிடுவோம். கீழே இறங்க இறங்க, முழங்கால் முன்னால் போகிறது, பின்பக்கம் பின்னால் போகிறது. முழங்கால் தாராளமாக முன்னால் போனால், உடம்பு ஓரளவு நிமிர்ந்தே இருக்கலாம். கணுக்கால் மடங்காமல் முழங்கால் பாதியில் நின்றுவிட்டால், பின்பக்கம் இன்னும் பின்னால் போகும். அதைச் சமன் செய்ய நெஞ்சு முன்னால் கவிழ்ந்தே தீரும். கணுக்காலின் இறுக்கம் இப்படித்தான் இடுப்பு மூட்டின் கடனாக மாறுகிறது.

கணுக்காலை அளக்க ஒரு ஸ்கேல் போதும். சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தை இன்னும் பின்னால் நகர்த்துங்கள். குதிகால் எழாமல் தொட முடிகிற கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை சென்டிமீட்டர்? சுமார் 10 சென்டிமீட்டர் இருந்தால் நல்ல நிலை என்று சொல்வார்கள். நண்பருக்கு இடது கால் 5, வலது கால் 4.

பிறகு குதிகால்களுக்கு அடியில் இரண்டரை கிலோ பிளேட்டை ஆளுக்கொன்றாக வைத்து, வெறும் பாரோடு ஸ்குவாட் செய்யச் சொன்னோம். குதிகால் உயர்ந்ததும் முழங்கால் முன்னால் போனது. உடம்பு நிமிர்ந்தது. சாய்வு 35-லிருந்து 25-க்கு வந்தது. “டேய், இது வேற ஆளு வீடியோ மாதிரி இருக்குடா” என்றார், பார்த்துவிட்டு.

பளு தூக்கும் வீரர்கள் உயரமான, அமுங்காத குதிகால் வைத்த ஷூ போடுவதும் இதற்காகத்தான். நம் ஊர்ப் பயில்வான்கள் பஸ்கி எடுக்கும்போது குதிகாலைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள் இல்லையா? அங்கேயும் கணுக்கால் தடையே இல்லாமல் போய்விடுகிறது, முதுகு நேராக இருக்கிறது.

இந்தச் சோதனை முடிவை இப்படி வாசிக்கலாம். குதிகாலை உயர்த்தியதும் சுருளல் குறைந்தால், தடை கணுக்காலில். உயர்த்தியும் அதே ஆழத்தில், அதே அளவு சுருண்டால், இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும்.

எலும்பு போட்ட கோடு

இடுப்பு மூட்டைத் தனியாகச் சோதிக்க, குழந்தை தவழுகிற மாதிரி கையும் முழங்காலும் ஊன்றி நில்லுங்கள். முதுகை இயல்பாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மெதுவாகக் குதிகாலை நோக்கிக் கொண்டுபோங்கள். ஒருவர் பக்கத்திலிருந்து வீடியோ எடுக்கட்டும். இங்கே எடை இல்லை, விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை, கணுக்காலுக்கு வேலை இல்லை. அப்படியும் எந்த இடத்தில் முதுகு வளையத் தொடங்குகிறதோ, அதுதான் உங்கள் இடுப்பு மூட்டின் எல்லை.

இப்போது முழங்கால்களை இன்னும் அகலமாக வைத்து அதையே செய்யுங்கள். அடுத்து, இன்னும் கொஞ்சம் குறுக்கி. ஏதோ ஓர் அகலத்தில் மற்றவற்றைவிட அதிக தூரம் போக முடியும். ஸ்குவாட்டில் நீங்கள் கால் வைக்க வேண்டிய அகலத்துக்கு அது நல்ல தொடக்கக் குறிப்பு.

ஏன் இப்படி? தொடை நேராக மேலே வந்தால் எலும்பின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் சீக்கிரம் முட்டும். தொடையைக் கொஞ்சம் அகட்டி வெளிப்பக்கம் திருப்பினால், அந்த விளிம்பைத் தவிர்த்து ஓரமாக நழுவிப்போக இடம் கிடைக்கும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால், எல்லோருக்கும் ஒரே கோணம் பொருந்தாது. கிண்ணம் சிலருக்கு ஆழம், சிலருக்கு ஆழம் குறைவு. அது பார்த்திருக்கும் திசையும் மாறும். தொடை எலும்பே முறுக்கிக்கொண்டிருக்கும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. ஜிம்மில் பக்கத்து ரேக்கில் ஒருவர் கால்களை ஒட்டிவைத்து அடிவரை போகிறார், உங்களால் முடியவில்லை என்றால், அவர் உங்களைவிட அதிகம் உழைத்தார் என்று அர்த்தமில்லை. அவருடைய எலும்பு அப்படி.

எலும்பை ஸ்ட்ரெட்ச் செய்ய முடியாது. அதற்கு ஓர் அடையாளமும் உண்டு. தசை இறுக்கம் என்றால், நீட்டப்படும் பக்கத்தில் இழுக்கிற உணர்வு இருக்கும். எலும்பு முட்டினால், தொடை இடுக்கின் முன்பக்கம் ஏதோ கிள்ளுகிற மாதிரி, அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தக் கிள்ளல் வந்தால், அதற்கு எதிராக அழுத்தி இறங்கக் கூடாது. கால் அகலத்தையும் பாதக் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் போகவில்லை என்றால் எலும்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டுங்கள்.

ஆபத்தா, இல்லையா?

இணையத்தில் இதற்கு இரண்டு கட்சி. ஒன்று, “டிஸ்க் போயிடும்” என்கிறது. இன்னொன்று, “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்கிறது.

முதல் கட்சி பெரும்பாலும் காட்டுவது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வுகளை. ஜாக் கலகன், ஸ்டூவர்ட் மெக்கில் ஆகியோர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், பன்றியின் கழுத்து முதுகெலும்புத் துண்டுகளை இயந்திரத்தில் பொருத்தி, அழுத்தம் கொடுத்தபடி ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் வளைத்தார்கள். அழுத்தம் மிதமாக இருந்தும், திரும்பத் திரும்ப வளைத்ததில் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கமாகப் பிதுங்கியது. எடையோடு வளைவதும் நிமிர்வதும் அடிக்கடி நடந்தால் டிஸ்க் பாதிக்கப்பட வழி உண்டு என்பதை இது காட்டியது. ஆனால், அது உயிரில்லாத திசு. செட்டுக்கு நடுவில் ஓய்வெடுக்காது, இரவில் தூங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளாது, எடைக்குப் பழகாது. வாரம் இரண்டு நாள், நாளைக்கு 25 ஸ்குவாட் செய்யும் மனிதருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

இரண்டாவது கட்சியிடமும் நியாயம் இருக்கிறது. நேராகத் தெரியும் முதுகும்கூட ஸ்குவாட்டில் சில டிகிரி வளையத்தான் செய்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நின்ற நிலையிலிருந்து கீழ்முதுகு மொத்தமாக முன்னால் வளையக்கூடிய அளவு பெரும்பாலானவர்களுக்கு 40 முதல் 60 டிகிரி. அதில் ஐந்து டிகிரி வளைவது என்பது எல்லையை நெருங்குவதே அல்ல.

இங்கே நண்பரின் கணக்கை மறுபடி பாருங்கள். பற்றாக்குறை 15 டிகிரி. ஆனால், அதில் 10 டிகிரி, அவர் ஆரம்பத்தில் போட்ட வில் வளைவு நிமிர்வதற்கே போய்விடுகிறது. இயல்பு நிலையைத் தாண்டி முதுகு உண்மையில் கூன் போட்டது 5 டிகிரிதான். வீடியோவில் பயங்கரமாகத் தெரிந்ததற்குக் காரணம், உள்வளைவிலிருந்து வெளிவளைவுக்கு மொத்தம் 15 டிகிரி ஊசலாடியது. 70 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அந்த ஊசலாட்டம்.

அதனால் ‘சுருளுதா, இல்லையா’ என்ற கேள்வி அவ்வளவு உதவாது. எவ்வளவு எடையில், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாகச் சுருளுகிறது என்று பாருங்கள். கிராமத்துத் திண்ணையில் தாத்தா குந்தி உட்கார்ந்து பீடி பிடிக்கும்போது அவர் இடுப்பு முழுக்கச் சுருண்டுதான் இருக்கிறது. இந்தியன் டாய்லெட்டில் நாம் எல்லோரும் அப்படித்தான் உட்காருகிறோம். அங்கே தோளில் பாரம் இல்லை, முதுகு தளர்ந்து ஓய்வாக இருக்கிறது. அதில் பிரச்னை இல்லை. அதே வளைவைத் தோளில் 100 கிலோவோடு, அடிமட்டத்தில் வேகமாகத் துள்ளி எழும்பிச் செய்வது வேறு விஷயம்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் மூன்று. எடை கூடக் கூடச் சுருளல் அதிகமாவது. செட்டின் கடைசி இரண்டு, மூன்று தடவைகளில் மட்டும் திடீரென்று அதிகமாவது. இது களைப்பின் அறிகுறி. மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்வது. வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, பாதத்தில் பலம் குறைந்தாலோ, ஸ்குவாட்டை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது டெக்னிக் திருத்தி சரிசெய்கிற கட்டம் இல்லை.

நண்பர் என்ன செய்தார்?

முதலில் மாற்றியது தொடக்க நிலை. நெஞ்சை அளவுக்கு மீறி நிமிர்த்துவதை விட்டார். மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிற மாதிரி இறுக்கிக்கொண்டு, விலா எலும்பு இடுப்புக்கு நேர் மேலே இருக்கும்படி நின்று இறங்கினார். 135 கணக்கு 125 ஆனது. ஊசலாட்டத்தில் பெரும்பகுதி அன்றைக்கே போய்விட்டது.

இரண்டாவது, குதிகாலுக்கு அடியில் பிளேட். சாய்வு 25 ஆனதால் கணக்கு 115-க்கு இறங்கியது. அவரிடம் இருப்பது 120. தொடை தரைக்கு இணையாக வரும்வரை முதுகு அசையவே இல்லை. அதற்கும் கீழே போனால் மறுபடி சுருண்டது. கணக்குப்படி அப்படித்தான் நடக்க வேண்டும், தொடை கோணம் 95-ஐத் தாண்டினாலே 120 தீர்ந்துவிடும்.

மூன்றாவது, தவழும் சோதனையில் கொஞ்சம் அகலமாக வைத்தபோது நன்றாகப் போனதால், ஸ்குவாட்டிலும் கால்களை அரை அடி அகட்டி, பாதத்தை இன்னும் வெளிப்பக்கம் திருப்பினார். முழங்கால் பாதம் காட்டும் திசையிலேயே போகும்படி பார்த்துக்கொண்டார். இணையாக வரும் கோட்டுக்குக் கீழேயும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

எடையை 70-லிருந்து 50 கிலோவுக்கு இறக்கினார். கூடவே தினமும் அந்தச் சுவர் சோதனையையே பயிற்சியாக, காலுக்கு 15 தடவை வீதம் இரண்டு செட் செய்தார். இரண்டு மாதத்தில் வலது கணுக்கால் 4-லிருந்து 7 சென்டிமீட்டர் ஆனது. பிளேட்டை எடுத்துவிட்டு ஓரளவு இறங்க முடிந்தது. எடை மெல்ல 75-ஐத் தொட்டது. மறுநாள் முதுகுப் பிடிப்பு இல்லை.

அடி வரைக்கும் அவரால் இன்னும் போக முடியவில்லை. போக வேண்டிய கட்டாயமும் இல்லை. பவர்லிஃப்டிங் போட்டியிலேயே, இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே வந்தால் போதும், அந்த ஸ்குவாட் செல்லும். பளு தூக்குதலில் இருப்பவர்களுக்குத்தான் அடிமட்டம் தேவை. எடையை அங்கேதான் வாங்குகிறார்கள்.

இப்போது அவர் செய்வது இதுதான்: மாதம் ஒருமுறை, அன்றைய அதிக எடை செட்டின் கடைசி இரண்டு தடவையைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் மொபைலை வைத்து எடுக்கிறார். சுருளத் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே அவருடைய கோடு. அங்கே வந்ததும் எழுந்துவிடுகிறார். “மாஸ்டர் இன்னும் ‘கீழ போ, கீழ போ’ன்னுதான் சொல்றாரு. என் எலும்பு இங்க வரைக்கும்தான் மாஸ்டர்னு சொல்லிட்டேன்” என்கிறார் சிரித்துக்கொண்டே.